‘ஏலம்’ல இருந்த புள்ளி எங்க போச்சு? போட்டோ மேல எழுத்து வைக்கறவங்களுக்கு 118-ங்கற ஒரு எண்

[திரையில்: மஞ்சள் மண்டி போட்டோ. நடுவுல வெள்ளை எழுத்து.]

இந்தப் போஸ்டரை ரெண்டே செகண்ட் பாருங்க. படிச்சீங்களா? ‘மஞ்சள் ஏலம்’னு படிச்சிருப்பீங்க. இப்ப வீடியோவை நிறுத்திட்டு, ‘ம்’ மேல புள்ளி இருக்குதான்னு தேடுங்க. புள்ளி அங்கதான் இருக்குதுங்க. அதுக்குப் பின்னால வெயில் பட்ட மஞ்சள் குவியல் இருக்கறதால கண்ணுக்குத் தட்டுப்படல. பார்வை நல்லா இருக்கறவங்க பழக்கத்துல ஊகிச்சுப் படிச்சுருவாங்க. கண்புரை வந்த அப்பாருக்கு அந்த ஊகமும் கை கொடுக்காது.

இது எங்க நடக்குதுன்னா, பழைய போஸ்டர்ல எழுத்தை மட்டும் மாத்தறப்பதான். முதல்ல டிசைன் பண்ணவர் ‘AUCTION’னு ஏழு எழுத்தை, சாக்கு மூட்டை நிழல் விழுந்த இடமாப் பார்த்து வச்சிருப்பார். நாம அதை அழிச்சுட்டு ‘ஈரோடு மஞ்சள் ஏலம் நாள் மாற்றம்’னு போட்டா, வரி நீண்டு நிழலைத் தாண்டி மஞ்சள் மேல ஏறிடும். பழைய எழுத்துக்கு இருந்த நிழல் எஃபெக்டும் அதோட போயிருக்கும். ஆனா நம்ம மனசுல ‘வெள்ளை எழுத்துதானே முன்னாடியும் இருந்துச்சு’ன்னு ஒரு நம்பிக்கை.

பின்னணிக் கதையைச் சட்டுனு முடிச்சுக்கலாம். எழுத்தோட ஒளி அளவுக்கும் பின்னணியோட ஒளி அளவுக்கும் உள்ள விகிதம்தான் கான்ட்ராஸ்ட் ரேஷியோ. வெளிச்சமானது L1, இருண்டது L2:

```
(L1 + 0.05) / (L2 + 0.05)
```

சுத்த வெள்ளைக்கு L 1, சுத்தக் கறுப்புக்கு 0. அதனால அதிகபட்சம் 21. இணையப் பக்கங்களை எல்லாரும் படிக்க முடியணும்னு வகுத்த WCAG விதிப்படி சாதாரண எழுத்துக்கு 4.5 வேணும், 24 பிக்சலும் அதுக்கு மேலயும் இருக்கற பெரிய எழுத்துக்கு 3 போதும். அந்த 4.5 எப்படி வந்துச்சுன்னா, நல்ல பார்வைக்கு 3 போதும்னு வச்சு, 20/40-னு சொல்ற கொஞ்சம் மங்கலான பார்வை இருக்கறவங்களுக்காக அதை ஒன்றரை மடங்கு ஆக்குனாங்க.

இப்ப நம்ம போட்டோவுக்கு வாங்க. கலர் பிக்கரால மஞ்சள் குவியலைத் தொட்டா E3A51F. மூட்டை நிழலைத் தொட்டா 3A2A18. வெள்ளை எழுத்தோட சேர்த்துக் கணக்குப் பார்த்தா, நிழல் மேல 13.8, பிரமாதம். மஞ்சள் மேல 2.17. ஃபெயில்.

[திரையில்: ரெண்டு கலரும் பக்கத்துல பக்கத்துல.]

இங்கதாங்க பலரும் ஏமாறுறது. ‘போட்டோவை நல்லா பிளர் பண்ணி, வர்ற சராசரிக் கலரை எடுத்துச் சோதிங்க’ன்னு சொல்வாங்க. இந்த ரெண்டு கலரும் பாதிப் பாதி கலந்தா 8F681C. அது மேல வெள்ளைக்கு 5.04. பாஸ்! ஆனா படத்துல அந்தக் கலர் எங்கயுமே இல்ல. ஒரு எழுத்து நிழல்ல நல்லாத் தெரியுது, அடுத்த எழுத்து மஞ்சள்ல கரையுது. சராசரி எடுத்தா ரெண்டும் ஒண்ணையொண்ணு மூடி மறைச்சுருது. சரி, எழுத்தைக் கறுப்பாக்கலாமான்னா, மஞ்சள் மேல 9.7 வரும், நிழல் மேல வெறும் 1.5. ஒரே கலர் பின்னணின்னா வெள்ளை, கறுப்பு ரெண்டுல ஒண்ணு கண்டிப்பா 4.5 தாண்டும். கலவையான போட்டோவுலதான் ரெண்டுமே தோக்கும்.

அப்ப ஒவ்வொரு புள்ளியையும் தொட்டுத் தொட்டுப் பார்க்கணுமான்னு கேப்பீங்க. வேண்டாங்க. எனக்கு ரொம்பப் புடிச்ச வழி இதுதான்.

வெள்ளை எழுத்துக்கு 4.5 கிடைக்கணும்னா பின்னணியோட L 0.183-க்குள்ள இருக்கணும். 0-ல இருந்து 255 வரைக்கும் போற சாம்பல் கணக்குல அது 118, அதாவது 767676. 119 ஆச்சுன்னா 4.48-க்கு இறங்கிடும். இந்த எண்ணை வச்சு போட்டோ முழுசையும் ஒரே தடவையில சலிச்சுரலாம், அரிசியைச் சலிக்கற மாதிரி.

கிம்ப்ங்கற இலவசப் பட எடிட்டர்ல எழுத்து லேயரை மறைச்சுட்டு, போட்டோ லேயரை ஒரு நகல் எடுங்க. நகல் மேல `Colors > Desaturate > Desaturate` போய் மோடை `Luminance`னு வைங்க. வேற மோடு வச்சா கணக்குத் தப்பும், ஏன்னா நம்ம கண்ணுக்குப் பச்சை அதிக வெளிச்சமாவும் நீலம் ரொம்பக் கம்மியாவும் தெரியும். அந்த எடை `Luminance`லதான் சரியா வரும். அடுத்து `Colors > Threshold`ல கீழ் எல்லையை 119 ஆக்குங்க. படம் வெறும் கறுப்பு வெள்ளையா மாறிடும். வெள்ளையாத் தெரியற இடமெல்லாம் உங்க வெள்ளை எழுத்துக்கு ஆகாத இடம். இப்ப எழுத்து லேயரைச் சிவப்பாக்கி மேல காட்டுங்க. எந்த எழுத்து எங்க மாட்டுதுன்னு பளிச்சுனு தெரியும். நம்ம போஸ்டர்ல ‘நாள் மாற்றம்’ முழுசும், ‘ம்’ மேல இருக்கற புள்ளியும் மாட்டுது.

[திரையில்: சலிச்ச படம், சிவப்பு எழுத்து.]

புள்ளியைத் தனியாப் பாருங்கன்னு சொல்றதுக்குக் காரணம் இருக்குது. ஆங்கிலத்துல i மேல இருக்கற புள்ளி போனாலும் சொல் மாறாது. நமக்குப் புள்ளி போனா மெய்யெழுத்து உயிர்மெய்யாயிரும். ‘ஏலம்’ ‘ஏலம’ ஆயிரும். ஒரு வரியிலயே சின்ன உறுப்பு அதுதான், ஒரு வெயில் துணுக்கு போதும் அதை விழுங்க. அதனாலதான் தமிழுக்குப் பெரிய எழுத்தா இருந்தாலும் 3-ஐ நம்பாம 4.5-ஏ வைங்கன்னு சொல்றேன். புள்ளியைக் காப்பாத்த எழுத்தைச் சுத்தித் தடிமனா அவுட்லைன் போடறதும் உதவாது, ‘ண’வோட சுழி அடைச்சு இன்னொரு எழுத்து மாதிரி ஆயிரும்.

சரி, தீர்வு என்ன? எழுத்துக்கும் போட்டோவுக்கும் நடுவுல ஒரு கறுப்புத் திரை. எவ்வளவு அடர்த்தி? 30 சதவீதம் போட்டா மஞ்சள் மேல 4.2, இன்னும் ஃபெயில். 35 போட்டா 4.8, பாஸ். இதோட நிறுத்தலாம்னு தோணும். ஆனா அந்த ஓரத்துல நிக்கற வியாபாரியோட வெள்ளை வேட்டியைப் பாருங்க! வரியோட கடைசி எழுத்து அது மேல வருது. 35 சதவீதத் திரைக்குப் பின்னால வேட்டி வெறும் சாம்பலாத்தான் ஆகும், ரேஷியோ 2.4. சுத்த வெள்ளையையும் 118-க்குள்ள அடக்கணும்னா 54 சதவீதம் வேணும். 54 போட்டுட்டா கீழ எந்தப் போட்டோ வந்தாலும் கவலை இல்ல. முழுப்படத்தையும் இருட்டாக்க மனசு வரலைன்னா, எழுத்துக்குப் பின்னால மட்டும் ஒரு பட்டையாப் போடுங்க, இல்ல வரியை ரெண்டா மடிச்சு வேட்டியை விட்டுத் தள்ளி வைங்க. எனக்கு வரியை மடிக்கறதுதான் புடிக்கும், மஞ்சளோட நிறம் கெடாது.

இங்க ஒரு பொறி இருக்குது. 54-ங்கறது பிரவுசரும் போட்டோஷாப்பும் வழக்கமாக் கலக்கற முறைக்கான கணக்கு. கிம்ப் 2.10-ல `Normal` மோடு ஒளியை வேற கணக்குல கலக்கும். அங்க அதே வேலைக்குக் கிட்டத்தட்ட 82 வேணும். அதனால சதவீதத்தை மனப்பாடம் பண்ணாதீங்க. திரையையும் போட்டோவையும் சேர்த்து ஒரே லேயராக்கி, மறுபடி 119-ல சலிச்சுப் பாருங்க.

எழுத்தோட கலரைப் பிக்கரால எடுக்கறவங்க ஓரத்தைத் தொடாதீங்க. ஓரத்துல எழுத்தும் பின்னணியும் கலந்த பிக்சல்தான் இருக்கும். கோட்டோட நடுவுல தொடுங்க. கடைசியா, வாட்ஸ்அப்ல அனுப்பி இறக்குன படத்தை இன்னொரு தடவை பெருசாக்கி, புள்ளி ஒவ்வொண்ணையும் எண்ணுங்க. நம்ம வரியில எத்தனை புள்ளி? ‘மஞ்சள்’ல ரெண்டு... இருங்க, இன்னும் எத்தனைன்னு நான் சொல்லல. ‘ஈரோடு மஞ்சள் ஏலம் நாள் மாற்றம்’ - மொத்தம் எத்தனைன்னு எண்ணிக் கமெண்ட்ல போடுங்க.