சராசரி 90 சதவீதம்தான், ஆனால் ஸ்டாக் ஏன் பத்தவில்லை?

வணக்கம் நண்பர்களே. ஸ்டோர்ஸ், பர்ச்சேஸ் வேலையில் இருப்பவர்களுக்கான வீடியோ இது. சப்ளையர் அவ்வப்போது குறைத்து அனுப்பினால் சேஃப்டி ஸ்டாக் எவ்வளவு வைப்பது?

கோயம்புத்தூரில் ஒரு பம்ப் யூனிட் என்று வைத்துக்கொள்வோம். ஃபவுண்டரியிலிருந்து கேசிங் வார்ப்பு வருகிறது. ஒரு லோடுக்கு நமக்கு 1000 பீஸ் வேண்டும், சராசரியாக வருவது 90 சதவீதம். உடனே எல்லோரும் செய்வது, 1000-ஐ 0.9-ஆல் வகுத்து 1111 ஆர்டர் போடுவது. அது சராசரிக் குறையைத்தான் சரிக்கட்டும். இந்த லோடில் எவ்வளவு வரும் என்ற சந்தேகம் அப்படியே நிற்கும். சேஃப்டி ஸ்டாக் அந்தச் சந்தேகத்துக்குத்தான்.

முதல் ஃபவுண்டரி எப்போதும் 90-ஐ ஒட்டியே அனுப்புகிறது, திட்ட விலக்கம் 3 சதவீதம். 1111-ல் அது 33 பீஸ். லீட் டைமுக்குள் நம் தேவை ஏறி இறங்குவதன் திட்ட விலக்கம் 60 என்றால், இரண்டையும் நேராகக் கூட்டக் கூடாது, வர்க்கப்படுத்திக் கூட்ட வேண்டும்:

1.65 × √(60² + 33²) ≈ 113

இந்த 1.65, நூற்றுக்கு 95 முறை தட்டுப்பாடு வராமல் இருப்பதற்கான எண். வரத்து உறுதியாக இருந்திருந்தால் 99 போதும். ஆக, கூடுதலாக 14 பீஸ்தான்.

இரண்டாவது ஃபவுண்டரியைப் பாருங்கள். பத்து லோடில் எட்டு முழுசாக வரும், இரண்டு பாதிதான் வரும். சராசரி இங்கேயும் 90! ஆனால் திட்ட விலக்கம் 20 சதவீதம், அதாவது 222 பீஸ். அதே சூத்திரத்தில் சேஃப்டி ஸ்டாக் 380 ஆகிவிடுகிறது. அதுவும் பத்தாது. பாதி லோடு என்றால் 555 வரும், நமக்கு 445 குறையும். மற்ற எட்டு முறையும் 111 பீஸ் தேவையில்லாமல் வந்து குவியும். மணி வடிவத்தில் பரவும் எண்களுக்கான சூத்திரம் அது. முழுசு அல்லது பாதி என்று வரும் சரக்குக்குப் பொருந்தாது.

இவரிடம் நான் ஆர்டரை ஊதிப் பெரிதாக்க மாட்டேன். 1000 மட்டும் போட்டு, ஒரு பாதி லோடைத் தாங்க 500-ம், தேவைக்கான 99-ம் சேர்த்து, 600 கையில் வைப்பேன். குறைந்ததை அடுத்த ஆர்டரில் சேர்ப்பேன். அடுத்தடுத்து இரண்டு பாதி லோடு வந்தால் இதுவும் தாங்காது, அதற்கு இன்னொரு ஃபவுண்டரி வேண்டும்.

உங்கள் சப்ளையர் எந்த வகை என்று தெரிய, ஜி.ஆர்.என். ரெஜிஸ்டரை எடுங்கள். கேட்டதையும் வந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, லோடு லோடாகப் பாருங்கள். சராசரி போடுவதெல்லாம் அப்புறம்.

இன்னொன்று. குறைந்த 500 இனி வராது என்று சப்ளையர் சொல்லிவிட்டால், அந்த பி.ஓ.வை அன்றைக்கே ஷார்ட் க்ளோஸ் செய்யுங்கள். இல்லாவிட்டால் சிஸ்டம் அதை இன்னும் வரவேண்டிய சரக்காகவே கணக்கில் வைத்திருக்கும். ஸ்டாக் கீழே போனாலும் புது ஆர்டர் போடச் சொல்லாது.