வெளியே தையல் இல்லை, உள்ளே புண் உண்டு: புரொஸ்டேட் சத்திரசிகிச்சை

[திரையில்: வயல் வரப்போரம் நிற்கும் லான்ட் மாஸ்டர்]

ஒட்டுசுட்டான் பக்கத்து விவசாயி ஒருவரை எண்ணிக்கொள்வோம். வயது 68. ஓர் இரவு சலம் முற்றாக அடைத்துவிட்டது. வைத்தியசாலையில் கதீற்றர் போட்டு வடித்தார்கள். மாத்திரை கொடுத்து, சில நாளில் குழாயை எடுத்துப் பார்த்தார்கள், மறுபடியும் அடைத்தது. ஸ்கேனில், சலப்பைக்குக் கீழே சலவழியைச் சுற்றியிருக்கும் புரொஸ்டேட் சுரப்பி 55 கிராம். இனிச் சத்திரசிகிச்சைதான்.

[வரைபடம்: பாதித் தேங்காய்]

சுரப்பியைத் தேங்காயாக நினையுங்கள். சலவழியை நெரிப்பது உள்ளே பெருத்த சதை. டி.யு.ஆர்.பி., ஹோல்மியம் லேசர் என்ற இரண்டு முறைகளிலும் சதைதான் போகிறது, சிரட்டை உள்ளேயே இருக்கிறது. டி.யு.ஆர்.பி. என்பது துருவுவது. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழ் விறைக்கச் செய்து, சலவழியாலேயே கருவியைச் செலுத்தி, மின்சாரம் பாயும் கம்பி வளையத்தால் சீவிச் சீவி எடுப்பார்கள். ஹோல்மியம் லேசரோ சொட்டை நெம்புவது போன்றது. சதையை முழுதாகப் பிரித்துச் சலப்பைக்குள் தள்ளி, அங்கே நொறுக்கி உறிஞ்சிவிடுவார்கள். 80 கிராமைத் தாண்டிய சுரப்பிக்கு இது மிகவும் உகந்தது, இரத்தப்போக்கும் குறைவு. ஆனால் முதல் வாரங்களில் இருமினால் சலம் கசிவது இதில் சற்று அதிகம். நம் ஐயாவின் 55 கிராமுக்கு டி.யு.ஆர்.பி. போதும். லேசர் கிடைக்கவில்லையே என்று தள்ளிப்போட வேண்டாம்.

ஆண்கள் கேட்கத் தயங்கும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு முறைகளுக்குப் பிறகும் பெரும்பாலானவர்களுக்கு விந்து வெளியே வராமல் சலப்பைக்குள் திரும்பிவிடும். அதனால் உடலுக்குக் கேடில்லை. இன்ப உணர்வும் பொதுவாகக் குறையாது. பிள்ளை வேண்டுமென்று எண்ணுபவர் மட்டும் முன்கூட்டியே வைத்தியரிடம் பேச வேண்டும்.

[திரையில்: தொங்கும் சேலைன் பை, குழாயில் இளஞ்சிவப்பு நீர்]

சத்திரசிகிச்சை முடிந்ததும் சேலைன் ஓடவிட்டுச் சலப்பையைக் கழுவுவார்கள். சலம் தெளிந்ததும், பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில், குழாய் வெளியே வரும். ஐயாவும் தாராளமாகச் சலம் போய், மகிழ்ச்சியோடு வீடு திரும்பினார்.

பன்னிரண்டாம் நாள் லான்ட் மாஸ்டரில் ஏறிக் குண்டும் குழியுமான பாதையில் வயலுக்குப் போனார். மாலையில் சலம் பீட்ரூட் அவித்த தண்ணீராய் வந்தது. உள்ளே புண்ணின் மேல் படிந்த பொருக்கு உதிர்வது இந்த நாட்களில்தான். இலேசான சிவப்பு என்றால் ஓய்வெடுத்துத் தண்ணீர் குடிக்கலாம். சிறுநீரக நோயோ இருதய நோயோ உள்ளவர்கள் வைத்தியர் சொன்ன அளவுக்கு மேல் குடிக்கக் கூடாது. ஆனால் ஐயாவுக்குக் கட்டி கட்டியாக இரத்தம் வந்தது, பிறகு சலமே நின்றது, அடிவயிறு உப்பி வலித்தது. இரத்தக்கட்டி வழியை அடைத்திருக்கிறது. இந்த நிலையில் விடியும் வரை காத்திருக்கக் கூடாது. குளிரும் காய்ச்சலும் வந்தாலும் அப்படியே.

அவரை அன்றிரவே கொண்டுபோனார்கள். பெரிய குழாய் போட்டுக் கட்டிகளைக் கழுவி எடுத்தார்கள். மூன்றாம் நாள் வீடு வந்தார். பாரம் தூக்குவதும், மலம் முக்குவதும், லான்ட் மாஸ்டரும் ஆறு வாரம் கழித்துத்தான். இரத்தத்தை இளக்கும் மாத்திரையை மறுபடி எப்போது தொடங்குவது என்பதை, துண்டு வெட்டும்போதே கேட்டு எழுதி வாங்குங்கள்.