சிவக்காத பன்றிக்கும் காய்ச்சல் பாருங்கள்

வணக்கம் நேயர்களே. பன்றி வளர்ப்பவர்களுக்காகப் பேசச் சொல்லி அழைத்தார்கள். என்ன தலைப்பு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். கால்நடை மருத்துவனாக இத்தனை வருடம் நான் மாறாமல் புலம்பி வந்த ஒரு விஷயம் இருக்கிறது, அதையே பேசிவிடுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். நான் பேசப்போகும் பன்றிக் காய்ச்சல் மனிதர்களுக்கு வரும் ஃப்ளூ இல்லை. இது கிளாசிக்கல் ஸ்வைன் ஃபீவர், பன்றி இனத்துக்கு மட்டும் வரும் வைரஸ் நோய். ஹாக் காலரா என்பது இதன் பழைய பெயர். மனிதருக்கு ஒட்டாது, ஆனால் கொட்டகையைக் காலி பண்ணிவிடும்.

எனக்கு வரும் போன் எல்லாம் ஒரே மாதிரித்தான் ஆரம்பிக்கும். "டாக்டர், ரெண்டு உருப்படி காது செவந்துபோய்க் கெடக்கு, உடம்பு கொதிக்குது, பென்சிலின் போட்டுறவா?" நான் உடனே கேட்பது, "மற்றதுக்கெல்லாம் சூடு பார்த்தீர்களா?" பதில் எப்போதும், "மத்ததெல்லாம் நல்லாத்தானே இருக்கு." அந்த "நல்லாத்தானே இருக்கு" என்பதுதான் என் புலம்பல்.

ஏன் என்றால், பன்றியின் தோல் பல காரணத்துக்குச் சிவக்கும். வெயிலில் கிடந்தாலும் சிவக்கும், எரிசிபெலாஸ் வந்தாலும் சிவக்கும், சால்மொனெல்லா ரத்தத்தில் ஏறினால் காதும் அடிவயிறும் நீலம் பாரித்துப் போகும். தோலை மட்டும் பார்த்து இன்ன நோய் என்று சொல்ல என்னாலும் முடியாது. பன்றிக் காய்ச்சலில் நிறம் மாறுவது பெரும்பாலும் சில நாள் கழித்துத்தான், காய்ச்சலோ முதலிலேயே வந்துவிடுகிறது. அதனால் சிவந்தது ரெண்டு என்றால், அதே அறையில் சிவக்காமல் கொதித்துக்கொண்டிருப்பது நாலைந்தாவது இருக்கும். அதைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

ஒரு பண்ணையில் நடந்ததைச் சொல்கிறேன். ஓர் அறையில் பதினாலு பன்றிகள், மூன்று மாதம்கூட ஆகாத வளர்பருவம். ரெண்டு உருப்படிக்குக் காது நுனி, மூஞ்சி, அடிவயிறு, தொடையின் உட்புறம் எல்லாம் கன்றிப்போன நிறம். உரிமையாளர் ரெண்டு நாளாகப் பென்சிலின் போட்டிருந்தார். ஒன்று எழுந்து கொஞ்சம் தின்றது, அதனால் "மருந்து கேட்குது சார்" என்றார். நான் சிவந்ததை விட்டுவிட்டு மீதிப் பன்னிரண்டுக்கும் தெர்மாமீட்டர் வைத்தேன். ஏழுக்கு நாற்பதரைக்கு மேல், அதில் ரெண்டுக்கு நாற்பத்தொன்றரை. எல்லாம் செல்சியஸ் கணக்கு. நல்ல நிலையில் இருக்கும் பன்றிக்கு முப்பத்தொன்பதை ஒட்டித்தான் இருக்கும், குட்டிக்குக் கொஞ்சம் கூட. தோலில் ஒரு புள்ளி இல்லாத ஏழு பன்றி கொதித்துக்கொண்டிருந்தது. அதற்கு மேல் எனக்குப் பென்சிலின் பேச்சே எடுக்கத் தோன்றவில்லை.

அப்புறம் மற்றதைப் பார்க்க ஆரம்பித்தேன். கண்ணில் பீளை காய்ந்து இமை ஒட்டியிருந்தது. சாணி ஒரு பக்கம் சளி படிந்து உருண்டை உருண்டையாக, இன்னொரு மூலையில் மஞ்சளாகத் தண்ணீர் மாதிரி. இந்த நோயில் முதலில் மலம் கட்டும், பிறகு கழியும். ஓர் அறையில் ஆளாளுக்கு வெவ்வேறு நாள் நோய் தொற்றுவதால் ரெண்டையும் ஒரே நேரத்தில் பார்க்கலாம். எழுப்பி நடக்கவிட்டேன், ரெண்டு மூன்று பின்னங்கால் பின்னித் தள்ளாடின. எல்லாவற்றையும்விட எனக்கு உறைத்தது வேறு. உச்சி வெயில் நேரம், நான் சட்டை நனைய நிற்கிறேன், இவை ஒன்றின் மேல் ஒன்றாக ஏறி ஒண்டிக் கிடக்கின்றன.

இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வெப்பத்தால் சூடேறிய பன்றியும் சிவக்கும், தெர்மாமீட்டரில் நாற்பத்தொன்று காட்டும். ஆனால் அது வாயைத் திறந்து இரைக்கும், மற்றதை விட்டு விலகி ஈரத்தில் போய்ப் படுக்கும், நிழலும் தண்ணீரும் கொடுத்தால் சீக்கிரமே சூடு இறங்கிவிடும். வெயிலில் தோல் வெந்துபோனது என்றால் சிவப்பு முதுகிலும் காதின் மேற்புறத்திலும் இருக்கும், வெள்ளைப் பன்றிக்குத்தான் அதிகம். வெயிலே படாத அடிவயிறு கன்றியிருக்கும்போது வெயிலைக் குறை சொல்லக் கூடாது.

சரி, எரிசிபெலாஸுக்கு வருகிறேன், பென்சிலின் பழக்கம் வந்ததே அதனால்தான். அது பாக்டீரியா நோய். திடீரென்று நாற்பத்திரண்டு வரைக்கும் காய்ச்சல் ஏறும். தோலில் வைர வடிவத்தில், சாய்சதுரமாகத் தடித்த திட்டுகள் எழும்பும். கருப்புப் பன்றிக்கு இது கண்ணுக்குத் தெரியாது, முதுகிலும் விலாவிலும் உள்ளங்கையால் தடவிப் பாருங்கள், தடிப்பு கையில் தட்டுப்படும், அந்த இடத்தில் மயிர் குத்திட்டு நிற்கும். ஆரம்பத்தில் விரலால் அழுத்தினால் திட்டு வெளிறி, விட்டதும் திரும்பச் சிவக்கும். பன்றிக் காய்ச்சலில் பிற்பாடு வருவது தோலுக்குள் ரத்தம் கசிந்தது, அழுத்தினாலும் வெளிறாது. ஆனால் தொடக்கத்தில் அதுவும் வெறும் சிவப்புதான், வெளிறத்தான் செய்யும். அதனால் விரல் சோதனையை மட்டும் நம்பி முடிவுக்கு வந்துவிடாதீர்கள். எரிசிபெலாஸ் பன்றிக்கு மூட்டு வலிக்கும், எழுப்பினால் கத்தும், நுனிக்காலில் நடக்கும், உடனே படுத்துவிடும். வலியால் விறைத்து நடப்பது வேறு, பின்பக்கம் பலமில்லாமல் தள்ளாடுவது வேறு. மூன்று மாதத்துக்கு உட்பட்ட குட்டியில் எரிசிபெலாஸ் குறைவு, தாய்ப்பாலில் வந்த எதிர்ப்பு அதுவரை காப்பாற்றும். பன்றிக் காய்ச்சலோ இளசுகளைத்தான் முதலில் அடிக்கும். ஒன்று, எரிசிபெலாஸ் கையில் கீறல் வழியாக மனிதருக்கும் வரும், கையுறை போட்டுக்கொண்டே தடவுங்கள்.

இப்போது பென்சிலின். எரிசிபெலாஸ் என்றால் இருபத்து நாலிலிருந்து முப்பத்தாறு மணி நேரத்தில் காய்ச்சல் இறங்கி, பன்றி எழுந்து தின்ன வரும். அதற்குள் மாறவில்லை என்றால் அது நிச்சயமாகக் கேள்விக்குரியது. "கொஞ்சம் பரவாயில்லை" என்பதைத் தேறுவதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பன்றிக் காய்ச்சல் வைரஸ் வெள்ளை அணுக்களைத் தின்றுவிடும், அந்த ஓட்டையில் சால்மொனெல்லா போன்ற பாக்டீரியா நுழையும். அதில் பாதியை ஆன்டிபயாட்டிக் அடக்கும்போது பன்றி இரண்டு நாள் தலையைத் தூக்கும். என் பதினாலில் தின்றது அந்த மாதிரிதான். அதற்குள் இன்னொன்று நடந்துவிடுகிறது: ஒரே ஊசியால் ஒன்றுக்குப் போட்டு, துடைத்து, அடுத்ததற்குப் போட்டு, அறை அறையாகப் போகிறோம். ரத்தத்தில் வைரஸ் இருக்கும் பன்றியில் குத்திய ஊசி, அடுத்த பன்றிக்கு வைரஸைக் கையோடு கொண்டுபோய்க் கொடுக்கிறது. திரும்பச் சொல்கிறேன், ஊசியை மாற்றுங்கள், பன்றிக்கு ஒன்று.

நான் மட்டும் இப்படிப் புலம்பவில்லை, வரலாறும் இதையே சொல்கிறது. இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியான ஈஸ்ட் ஆங்கிலியாவில் 2000-ஆம் ஆண்டு. அந்த நாட்டில் 1986-க்குப் பிறகு இந்த நோய் இல்லை. அப்போது அங்கே பிடிஎன்எஸ் என்ற இன்னொரு தோல்–சிறுநீரகக் கோளாறு பரவலாக இருந்தது, சர்கோ வைரஸோடு சேர்த்துப் பேசப்படும் நோய். அதிலும் பின்தொடையில், பின்புறத்தில் சிவப்பும் ஊதாவுமாகத் திட்டுகள் வரும். அறுத்தால் நிணநீர் முடிச்சு வீங்கி இருக்கும், சிறுநீரகத்தில் சிவப்புப் புள்ளி. சிவப்பைப் பார்த்ததும் "இது அதுதான்" என்று எடுத்துக்கொள்ளும் சூழல் இருந்தது. பன்றிக் காய்ச்சல் உறுதியானது ஆகஸ்ட் மாதத்தில்தான். அதற்குள் நோய் பரவிக்கொண்டிருந்தது, அந்த வருடம் முடிவதற்குள் 16 பண்ணைகளில் கண்டுபிடித்தார்கள்.

இங்கேயும் தெர்மாமீட்டர்தான் பேசும். பிடிஎன்எஸ் என்றால் பொதுவாகக் காய்ச்சல் இல்லை, இருந்தாலும் லேசாகத்தான். திட்டு வந்த சிலவற்றைத் தவிர மற்றவை கலகலப்பாகத் தின்னும். அந்தப் பன்றியின் சிறுநீரகம் வெளுத்துப் பெருத்து இருக்கும், பன்றிக் காய்ச்சலில் அப்படிப் பெருப்பதில்லை. சிவந்தது நாலு, மீதி அறைக்கெல்லாம் முப்பத்தொன்பது என்றால் என் கவலை பாதி குறையும். சிவக்காதவற்றில் பாதிக்கு நாற்பதரை என்றால் உடனே கால்நடைத் துறைக்குச் சொல்லுங்கள், கொட்டகையிலிருந்து ஒரு உருப்படியும், ஒரு வண்டியும் வெளியே போக வேண்டாம்.

தெர்மாமீட்டர் வைப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. துரத்திப் பிடித்துச் சூடு பார்த்தால் ஓட்டத்திலேயே அரை டிகிரிக்கு மேல் ஏறிவிடும். விடியற்காலையில், தீனி தின்னும்போது பின்னாலிருந்து வையுங்கள். நுனி மலத்துக்குள் புகுந்துவிட்டால் குறைத்துக் காட்டும், குடல் சுவரில் படும்படி கொஞ்சம் சாய்த்துப் பிடியுங்கள். தெர்மாமீட்டருக்கு நூல் கட்டி ஒரு கிளிப் போட்டுக்கொண்டால் உள்ளே போய்விடுமோ என்ற பயம் இல்லை.

அந்தப் பதினாலில் அன்று இறந்த ஒன்றைத் துறை ஆட்களோடு சேர்ந்து அறுத்தோம். நிணநீர் முடிச்சுகளின் ஓரம் ரத்தம் ஊறிக் கறுத்திருந்தது. சிறுநீரகத்தில் ஊசிமுனை அளவு புள்ளிகள். மண்ணீரலின் ஓரத்தில் கறுத்துத் தடித்த திட்டுகள், அதுவும் எல்லாவற்றிலும் வராது. மண்ணீரல் ஊதிப் பெருத்துக் கறுத்து, தொட்டால் குழைந்துபோனால் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் நினைப்பு வரணும். ஆனால் அது இல்லை என்றாலும் ஆப்பிரிக்க நோய் இல்லை என்று ஆகாது. அந்த ரெண்டையும் கண்ணால் பிரிக்கவே முடியாது, எந்த நிபுணராலும் முடியாது. ரெண்டும் வேறு வேறு வைரஸ், ஒன்றின் தடுப்பூசி மற்றதைத் தடுக்காது. அதனால் ரெண்டுக்கும் சேர்த்துப் பிசிஆர் கேட்க வேண்டும்.

நேரம் ஆகிவிட்டது என்று கையைக் காட்டுகிறார்கள். தாய்ப்பன்றிக்கு வந்தால் என்ன ஆகும் என்று பேச நினைத்தேன், அதில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். சினையின் நடுப்பகுதியில் நோய் தொற்றினால் தாய்க்கு ஒன்றும் தெரியாமல்கூடப் போகலாம். பிறக்கும் குட்டிகள் மாதக்கணக்கில் வைரஸைக் கழித்துக்கொண்டே இருக்கும், சிவப்பே இல்லாமல். வளராமல் நோஞ்சானாக நிற்கும் குட்டிகளுக்கும் ரத்தப் பரிசோதனை வேண்டும்.

மாதிரி எடுக்கும்போது மருத்துவரிடம் சொல்லுங்கள், ரத்தம் ஈடிடிஏ குழாயில் வேண்டும், ஊதா மூடி போட்டது. ஹெப்பாரின் போட்ட பச்சை மூடி வேண்டாம், அது பிசிஆரைக் கெடுக்கும். சாகக் கிடப்பதில் மட்டும் எடுக்காமல், காய்ச்சல் அதிகமாக இருக்கும் நாலைந்து பன்றியில் எடுக்கச் சொல்லுங்கள். அதிலேயே வெள்ளை அணுவும் எண்ணிவிடலாம், ஒரு கன மில்லிமீட்டருக்கு 8,000-க்குக் கீழே போனால் சந்தேகம் வலுக்கும். செத்தது இருந்தால் டான்சில், மண்ணீரல், நிணநீர் முடிச்சு, சிறுநீரகம். ஐஸ் வைத்துக் குளிர்ச்சியாக அனுப்புங்கள், ஆய்வகம் சொல்லாமல் உறையவைக்க வேண்டாம். ரத்தக் குழாய் உறைந்தால் அணுக்கள் உடைந்து, வெள்ளை அணு எண்ண முடியாமல் போய்விடும்.