சோஃபா ஏன் தோலுரியுது?

வணக்கம் நேயர்களே. சென்னையில 25 வருஷமா சோஃபா தைக்கிற வேலை பாக்குறேன், புதுசும் செய்வேன், பழசுக்கு உறை மாத்தியும் கொடுப்பேன். தோல் போடலாமா, ரெக்சின் போடலாமா, துணி போடலாமான்னு கேட்டு வராதவங்களே கிடையாது, அதைப் பத்திதான் இன்னிக்கு பேசச் சொல்லியிருக்காங்க.

திருவான்மியூர்ல ஒரு அக்கா வீடு, கடல் ரெண்டு தெரு தள்ளி. 2019ல அவங்களோட 3 சீட்டர் சோஃபாவுக்கு நான்தான் உறை மாத்தினேன். காபி கலர்ல லெதரெட், தொட்டா அசல் தோல் மாதிரியே மெத்துன்னு இருந்துச்சு, எனக்கே பிடிச்சுப்போய்தான் வாங்கினேன். மூணு மழைக்காலம் தாண்டுச்சு, அக்கா போன் பண்றாங்க, "தம்பி, சோஃபா தோலுரியுது, வெள்ளை சட்டை போட்டு சாஞ்சா முதுகு பூரா காபிப்பொடி கொட்டின மாதிரி ஒட்டுது"ன்னு.

அவங்க வீட்டுக்காரர் பேரப்பசங்க ஏறிக் குதிச்சதால வந்ததுன்னு சொன்னாரு. நானும் அப்படித்தான் நெனச்சேன், ஆனா சோஃபாவை இழுத்துப் பாத்தா சுவத்தை ஒட்டியிருந்த பின்பக்கமும் உரிஞ்சு கெடக்கு, அங்க யார் போய் குதிச்சா? அப்புறம் மீந்த துண்டு ஒரு மீட்டர் அவங்ககிட்டயே சுருட்டி கொடுத்திருந்தேன், பரண்ல இருந்துச்சு, அதை எடுத்து விரிச்சோம். விரிக்க விரிக்க மேல் படலம் செதில் செதிலா உதிருது, அடியில வெள்ளைப் பின்னல் துணி மட்டும் மிஞ்சுது. ஒருத்தர் கூட உக்காராத துண்டுங்க அது! அன்னிக்குத்தான் இது தேய்மானம் இல்ல, காத்துல இருக்குற ஈரம் பண்ற வேலைன்னு எனக்கு உறைச்சுது.

என்ன நடக்குதுன்னா, லெதரெட்னு நாம சொல்றதுல நிறைய பியூ, அதாவது பாலியூரித்தேன். ஒரு பின்னல் துணி, அது மேல மெல்லிசா ஒரு பாலியூரித்தேன் படலம், அவ்வளவுதான். விலை கம்மியா வர்ற ரகத்துல பெரும்பாலும் பாலியெஸ்டர் வகை பாலியூரித்தேன் இருக்கும், அதோட மூலக்கூறு சங்கிலியை தண்ணி கொஞ்சம் கொஞ்சமா அறுத்துடும், இதுக்கு ஹைட்ராலிசிஸ்னு பேரு. தண்ணி ஊத்தணும்னு இல்ல, நம்ம ஊர் புழுக்கமே போதும், சூடு சேந்தா இன்னும் வேகமா நடக்கும். முதல்ல மேல்பக்கம் பிசுபிசுன்னு ஆகும், அப்புறம் கைப்பிடி மேல முடி மாதிரி கோடு விழும், அதுக்கப்புறம் உரியும். உரிய ஆரம்பிச்சதை எந்த பாலிஷ் போட்டும் நிறுத்த முடியாது, மாத்தத்தான் வேணும். இன்னொண்ணு, ரோல் தயாரான நாள்ல இருந்தே இது ஆரம்பிச்சுடுது, அதனால குடோன்ல ரெண்டு வருஷம் கெடந்த ரோலை தள்ளுபடில வாங்கினா அந்த ரெண்டு வருஷம் நமக்கு நஷ்டம்.

கடையில "50,000 ரப் தாங்கும் சார்"னு சொல்லுவாங்க. அது தேய்ச்சுப் பாக்குற டெஸ்ட், ஈரத்தைப் பத்தி அது ஒண்ணும் சொல்லாது. நீங்க கேக்க வேண்டியது ஹைட்ராலிசிஸ் டெஸ்ட் எத்தனை வாரம்னு. 70 டிகிரி சூடு, 95 சதவீதம் ஈரம் உள்ள பெட்டியில வெச்சுப் பாக்குறது அது. பதில் சொல்ல முடியலன்னா அந்த பியூ நம்ம ஊருக்கு வேணாம். பாலிகார்பனேட் வகை பியூ நல்லா தாங்கும், ஆனா விலை ஏறும்.

அப்ப பழைய ரெக்சின்? அது பிவிசி, ஈரத்துக்கு இப்படி உரியாது, சின்னப் பிள்ளைங்க இருக்குற வீட்டுல துடைக்கவும் சுலபம். ஆனா காத்து போகாது, மே மாசம் அரை மணி நேரம் உக்காந்தா தொடை ஒட்டிக்கும். தலையில தடவுற எண்ணெய் படுற இடத்துல ரெக்சினை மெத்துன்னு வெச்சிருக்குற சரக்கு வெளிய வந்துடும், அந்த இடம் மட்டும் அட்டை மாதிரி விறைச்சு வெடிக்கும். சாயிற இடத்துல ஒரு காட்டன் துண்டு போட்டு வெச்சா ரொம்ப நாள் வரும், நம்ம வீட்டுப் பெரியவங்க போட்டது இதுக்குத்தான்.

அசல் தோல் இப்படி உரியாது. ஆம்பூர், வாணியம்பாடின்னு தோல் நம்ம பக்கத்துலயே பதனிடுறாங்க, அதனால தோல்னா நமக்கு ஒரு மரியாதை உண்டு. ஆனா அதுக்கு வேற பிரச்சனை, பூஞ்சை. காத்துல ஈரம் 70 சதவீதத்துக்கு மேல நாள் கணக்கா நின்னா பூஞ்சை பிடிக்கும், சென்னையில நவம்பர் டிசம்பர்ல அது சர்வ சாதாரணம். தினமும் ஏசி ஓடுற ஹால்னா தோல் தாராளமா போடலாம். பத்து நாள் பூட்டிட்டு ஊருக்குப் போற வீடுன்னா வேணாம், போறப்ப பிளாஸ்டிக் ஷீட் போட்டு மூடிட்டுப் போனீங்கன்னா இன்னும் மோசம், உள்ள ஈரம் அடைஞ்சு திரும்பி வர்றப்ப பச்சையா இருக்கும். பளபளப்புக்கு தேங்காய் எண்ணெய் தடவுறவங்க நிறைய பேர், தயவுசெஞ்சு வேணாங்க, கறுத்துப் போகும், அழுக்கும் பிடிக்கும். அப்புறம் "லெதர் சோஃபா"ன்னு வாங்குறதுல நிறைய, உக்கார்ற இடம் மட்டும்தான் தோல், பக்கமும் முதுகும் பியூ. வாங்குறப்ப சீட்டு ஜிப்பை திறந்து உள்பக்கம் பாருங்க, நார் நாரா சொரசொரப்பா இருந்தா தோல், பின்னல் துணி தெரிஞ்சா லெதரெட். அதே மாதிரி பக்கத்தையும் கேளுங்க, "அது எது?"ன்னு.

ஏசி இல்லாத, ஃபேன் மட்டும் ஓடுற கடலோர வீட்டுக்கு நான் துணிதான் சொல்லுவேன். அதுவும் பாலியெஸ்டர் காட்டன் கலந்த, இறுக்கமா நெய்த துணி. வெல்வெட்டு வேணாம், வேர்வையும் தூசியும் உள்ளயே நிக்கும். துணிக்கு ஒரே குறை அழுக்கு, அதனால கழட்டித் துவைக்கிற மாதிரி தைக்கணும், ஃபோமோட சேத்து ஸ்டேப்பிள் அடிச்சு ஒட்டிட்டா துணி போட்டதுக்கு பாதி பலன் போச்சு.

அந்த அக்காவுக்கு அப்படித்தான் செஞ்சேன். 54 இஞ்ச் அகலத்துல 3 சீட்டருக்கு 8 மீட்டர் பிடிக்கும், நான் 11 மீட்டர் வாங்கச் சொன்னேன். வெட்டறதுக்கு முன்னாடி முழுத் துணியையும் ஒரு ராத்திரி ஊறவெச்சு நிழல்ல காயப் போட்டேன், காட்டன் கலந்தது முதல் துவையல்ல சுருங்கும், தைச்சதுக்கு அப்புறம் சுருங்குனா உறை மறுபடி உள்ள போகாது. ஃபோமை பழசையே வெச்சுக்கிட்டேன், அதுவும் பாலியூரித்தேன்தான், ஆனா பெரும்பாலும் வேற வகை, ஈரத்துக்கு இப்படி உதிராது, அமுக்கிப் பாத்தேன், எழும்பி வந்துச்சு. ஃபோம் மேல மெல்லிசா ஒரு வெள்ளைத் துணி உறை, அப்பதான் மேல் உறை வழுக்கிட்டு ஏறும். ஜிப்பு பின்பக்கம். மீதி 3 மீட்டர்ல சீட்டுக்கு மட்டும் இன்னொரு செட்டு உறை. சோஃபாவை சுவத்துல இருந்து ஒரு சாண் தள்ளிப் போட்டுட்டு வந்தேன், பின்னாடி காத்து போகட்டும்னு.

போன மழைக்காலத்துல அந்தப் பக்கம் ஒரு வேலையா போனப்ப எட்டிப் பாத்தேன். ஒரு செட்டு உறை வராண்டா கொடியில காஞ்சுட்டு இருந்துச்சு, இன்னொரு செட்டு மேல பேரப்பசங்க ஏறிக் குதிச்சுட்டு இருந்தாங்க.