ஓடுற பஸ்ல மழை ஏன் சாயுது? குடையை எத்தனை டிகிரி சாய்க்கணும்?

[திரையில்: ஸ்டாப்பில் நிற்கும் டவுன் பஸ், பக்கவாட்டு ஜன்னல்]

காத்தே இல்லாத மழை. பஸ் ஸ்டாப்புல நிக்குது. ஜன்னல் வழியா பாத்தா மழைக் கோடுகள் நேரா கீழே இறங்குது. வண்டியை எடுத்ததும் அதே கோடுகள் மெல்ல சாய ஆரம்பிக்குது. வேகம் கூடக்கூட சாய்வும் கூடுது. பிரேக் போட்டா மறுபடி நிமிருது.

கண்ணாடியில ஒட்டிக்கிட்டு ஊர்ந்து போற தண்ணிக் கோட்டை இதோட சேர்த்துக்காதீங்க. அதைக் காத்து தள்ளும், கண்ணாடி பிடிச்சு வைக்கும், அது இஷ்டத்துக்கு நெளிஞ்சு போகும். நாம பாக்க வேண்டியது வெளியே அந்தரத்துல விழுற துளியை.

[திரையில்: ஒரே ஒரு துளி, மெதுவான அசைவில்]

பஸ் மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்துல போகுதுன்னு வைங்க. அதாவது நொடிக்கு 10 மீட்டர். துளி நொடிக்கு 6.5 மீட்டர் இறங்குது. ஒரு நொடி கழிச்சு துளி 6.5 மீட்டர் கீழே போயிருக்கும், நீங்க 10 மீட்டர் முன்னாடி வந்திருப்பீங்க. உங்க சீட்டுல இருந்து பாத்தா துளி 6.5 மீட்டர் கீழேயும் 10 மீட்டர் பின்னாடியும் போயிருக்கு. ரெண்டும் ஒரே நேரத்துல நடக்குறதால சாய்வான கோடு தெரியுது.

இதைத்தான் சார்புத் திசைவேகம்னு சொல்றோம். மழையோட திசைவேகத்துல இருந்து பஸ்ஸோட திசைவேகத்தைக் கழிக்கணும். படம் போடும்போது பஸ்ஸோட அம்பைத் திருப்பிப் போட்டு மழையோட அம்புல சேர்க்கணும். பரீட்சையில நிறைய பேர் திருப்பாமலே சேர்த்துடுவாங்க. அப்படிப் போட்டா துளி பஸ்ஸை முந்திக்கிட்டு முன்னாடி ஓடுற மாதிரி வரும். படத்தைப் பாத்தாலே தப்புன்னு தெரிஞ்சிடும்.

[திரையில்: tan θ = பஸ்ஸின் வேகம் ÷ மழையின் வேகம்]

θ-வைச் செங்குத்துக் கோட்டுல இருந்து அளக்குறோம். 10-ஐ 6.5-ஆல வகுத்தா 1.54. கோணம் சுமார் 57 டிகிரி. நிமிர்ந்து நிக்கிறதை விடப் படுத்துக் கிடக்குறதுக்குப் பக்கத்துல!

அந்த 6.5 எங்கிருந்து வந்துச்சு? பதினோராம் வகுப்புக் கணக்குல மழை நொடிக்கு 35 மீட்டர்னு கொடுத்திருப்பாங்க. அது மணிக்கு 126 கிலோமீட்டர். எந்த மழைத்துளியும் அவ்வளவு வேகமா விழாது. காத்தோட தடை துளியோட எடைக்குச் சமமானதும் அதுக்கு மேல வேகம் கூடாது. 2 மில்லிமீட்டர் துளிக்கு அந்த எல்லை சுமார் 6.5 மீட்டர், அரை மில்லிமீட்டர் தூறலுக்கு 2 மீட்டர்தான், ரொம்பப் பெரிய துளிக்கே 9 மீட்டர் சொச்சம். 35-ஐப் போட்டுக் கணக்குப் பண்ணினா கோணம் நிஜத்தை விட ரொம்பச் சின்னதா வரும்.

இதையே தலைகீழா போட்டா மழையோட வேகத்தையே அளந்துடலாம். போனை ஜன்னலுக்கு நேரெதிரா பிடிச்சு ஒரு போட்டோ எடுங்க. கோணலா பிடிச்சா சாய்வு மாறித் தெரியும். கோடு மூணு பங்கு பின்னாடியும் ரெண்டு பங்கு கீழேயும் போயிருக்கா? பஸ் 10 மீட்டர்னா மழை 10 × 2 ÷ 3, கிட்டத்தட்ட 6.7 மீட்டர். ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் துளி.

[திரையில்: பஸ்ஸை விட்டு இறங்கி நடப்பவர், கையில் குடை]

இப்போ இறங்கி நடக்கிறீங்க. மணிக்கு 5 கிலோமீட்டர், அதாவது நொடிக்கு 1.4 மீட்டர். மழை உங்களுக்கு முன்பக்கம் மேலே இருந்து வருது. அது வர்ற திசையை நோக்கியே குடைக்கம்பி இருக்கணும். 1.4-ஐ 6.5-ஆல வகுத்தா சுமார் 12 டிகிரி முன்பக்கச் சாய்வு.

தூறல்னா? 1.4-ஐ 2-ஆல வகுக்கணும். 35 டிகிரி! கொட்டுற மழையை விடத் தூறலுக்குத்தான் குடையை அதிகம் சாய்க்கணும். குடை இருந்தும் தூறல்ல சட்டையோட முன்பக்கம் நனையுறது இதனாலதான்.

கடைசியா காத்து. பஸ் நிக்கும்போதே கோடு சாய்ஞ்சிருந்தா காத்து வீசுதுன்னு அர்த்தம், மழை செங்குத்தா விழல. அப்போ உங்க வேகத்தையும் காத்தோட வேகத்தையும் சேர்த்துப் பாக்கணும். முதுகுப் பக்கம் இருந்து நொடிக்கு 3 மீட்டர் காத்து வீசுது, நீங்க 1.4-ல நடக்கிறீங்கன்னா, மழை உங்களை 1.6 மீட்டர் வேகத்துல பின்னாடி இருந்து துரத்தும். 2 மில்லிமீட்டர் துளிக்கு 14 டிகிரி, இந்தத் தடவை குடை பின்பக்கம் சாயணும். நடையை ஓட்டமாக்கி நொடிக்கு 3 மீட்டர் போனீங்கன்னா, அந்தக் காத்துலயும் குடையை நேராவே பிடிக்கலாம்.