அச்சடிக்க முடியாத பணம்: மத்திய வங்கிகளின் நாணயப் பரிமாற்று ஒப்பந்தங்கள்

அவையோருக்கு வணக்கம்.

2008 அக்டோபர் 29 அன்று தென்கொரியாவில் ஒரு டாலரின் விலை 1,427 வொன். மறுநாள் மாலை அது 1,250 வொன். ஒரே நாளில் 177 வொன் இறங்கியது. இடையில் கொரியாவுக்குள் ஒரு டாலர்கூடப் புதிதாக வந்துவிடவில்லை. அமெரிக்காவின் மத்திய வங்கியான பெடரல் ரிசர்வும் கொரிய மத்திய வங்கியும், தத்தம் நாணயத்தைக் குறித்த காலத்துக்கு மாற்றிக்கொண்டு பிறகு திருப்பித் தரும் பரிமாற்று ஒப்பந்தத்தை 3,000 கோடி டாலருக்குச் செய்துகொண்டன என்ற அறிவிப்பு மட்டுமே வந்திருந்தது. இந்த ஒப்பந்தம் எப்படி வேலை செய்கிறது, எங்கே வேலை செய்யாமல் போகிறது என்பதைப் பற்றியே இன்று பேச வந்திருக்கிறேன்.

முதலில் கொரியாவில் டாலர் ஏன் வற்றியது என்று பார்ப்போம். அந்நாட்டுக் கப்பல் கட்டும் நிறுவனங்கள் டாலரில் விலை பேசி ஆர்டர் எடுப்பவை. பணமோ சில ஆண்டுகள் கழித்துத்தான் கைக்கு வரும். அதற்குள் டாலர் விலை இறங்கிவிட்டால் நட்டம் என்பதால், வரப்போகும் டாலரை அன்றைய விலைக்கே வங்கிகளிடம் முன்கூட்டியே விற்றுவைத்தார்கள். வாங்கிய வங்கிகளோ அந்த அபாயத்தைத் தாங்கள் சுமக்க விரும்பாமல், வெளிநாட்டு வங்கிகளிடம் குறுகிய தவணையில் டாலர் கடன் வாங்கி, அதை வொன்னாக மாற்றி முதலீடு செய்தன. வரவு சில ஆண்டுகள் கழித்து. கடனோ சில மாதங்களில் முடிந்து, ஒவ்வொரு முறையும் புதுப்பிக்கப்பட வேண்டியது. 2008 செப்டம்பர் 15இல் லேமன் பிரதர்ஸ் என்ற அமெரிக்க முதலீட்டு வங்கி திவாலானதும், புதுப்பிக்க ஆளில்லை. ஏற்றுமதி நின்றுவிடவில்லை, வங்கிகளின் சொத்தும் எங்கும் போய்விடவில்லை. இன்று கட்ட வேண்டிய டாலர் மட்டும் இன்று கையில் இல்லை.

கொரியாவிடம் அந்நியச் செலாவணிக் கையிருப்பு இல்லையா என்று கேட்பீர்கள். அந்த அக்டோபர் முடிவில் 21,000 கோடி டாலருக்கு மேல் இருந்தது. ஆனால் அந்த ஒரு மாதத்தில் மட்டும் சுமார் 2,700 கோடி டாலர் குறைந்திருந்தது. கையிருப்புக்கு ஒரு விசித்திரமான குணம் உண்டு. அதை எடுத்துச் செலவு செய்யச் செய்ய, இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று சந்தை எண்ணத் தொடங்கிவிடும். பெடரல் ரிசர்வ் தருவதாகச் சொன்ன 3,000 கோடி அந்தக் கையிருப்பில் ஏழில் ஒரு பங்குதான். இருந்தும் அது பயத்தை அடக்கியது, ஏனென்றால் டாலரை உண்டாக்கும் வங்கியே பின்னால் வந்து நின்றுவிட்டது.

இனி அதன் நடைமுறைக்கு வருவோம். 2008 டிசம்பர் தொடக்கத்தில் கொரிய மத்திய வங்கி இந்த ஒப்பந்தத்தின்கீழ் 400 கோடி டாலரை முதன்முறையாக ஏலம் விட்டது. கணக்குக்காக டாலருக்கு 1,400 வொன் என்று வைத்துக்கொள்வோம். கொரிய மத்திய வங்கி 5.6 லட்சம் கோடி வொன்னைத் தன் ஏட்டில் பெடரல் ரிசர்வின் பெயரில் வரவு வைக்கிறது. பெடரல் ரிசர்வ் 400 கோடி டாலரைத் தன் ஏட்டில் கொரிய வங்கியின் பெயரில் வரவு வைக்கிறது. விமானத்தில் நோட்டுக்கட்டு எதுவும் போவதில்லை. இரண்டு ஏடுகளில் இரண்டு பதிவுகள், அவ்வளவே. தவணை முடிவில் இரு தொகைகளும் அதே 1,400 வொன் விலைக்கே திரும்புகின்றன. இடையில் வொன் சரிந்தாலும் உயர்ந்தாலும் அமெரிக்காவுக்கு நட்டமில்லை. வட்டி கட்டுவது டாலரை எடுத்த தரப்பு மட்டுமே.

கொரிய மத்திய வங்கி அந்த டாலரை வொன் கடன்பத்திரங்களை ஈடாகப் பெற்றுக்கொண்டு உள்நாட்டு வங்கிகளுக்குக் கொடுத்தது. இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. அந்த வங்கிகளில் ஒன்று திருப்பித் தராமல் போனால் அந்த நட்டம் கொரிய மத்திய வங்கிக்குத்தான். பெடரல் ரிசர்வுக்கும் அந்த வங்கிக்கும் எந்த உறவும் இல்லை. தூரத்து வங்கிகளின் தரத்தை எடைபோடும் பொறுப்பை அமெரிக்கா இப்படி நாசூக்காக அடுத்தவர் தோளில் ஏற்றிவிடுகிறது. கொரியா மொத்தம் எடுத்தது ஏறத்தாழ 1,640 கோடி டாலர். 2009 டிசம்பருக்குள் முழுவதும் திரும்பிவிட்டது. ஏற்றுமதி வருமானம் இருந்தது, நேரம் மட்டுமே தேவைப்பட்டது. அந்த நேரத்தைத்தான் ஒப்பந்தம் வாங்கிக் கொடுத்தது.

நேரம் கிடைத்தும் பயனில்லாத நிலைக்கு இலங்கையைப் பார்க்க வேண்டும். 2021 மார்ச்சில் இலங்கை மத்திய வங்கி, சீனாவின் மத்திய வங்கியான சீன மக்கள் வங்கியோடு 1,000 கோடி யுவானுக்கு மூன்றாண்டு ஒப்பந்தம் செய்தது. டாலர் கணக்கில் அது ஏறத்தாழ 150 கோடி. அதே ஆண்டு வங்காளதேசம் 20 கோடி டாலர் கொடுத்தது. 2022 ஜனவரியில் இந்திய ரிசர்வ் வங்கி, சார்க் நாடுகளுக்கென்று வைத்திருக்கும் ஏற்பாட்டின்கீழ் 40 கோடி டாலர் கொடுத்தது. தாளில் பார்த்தால் மூன்றும் ஒரே வகைதான்.

2021 நவம்பர் முடிவில் இலங்கையின் கையிருப்பு சுமார் 160 கோடி டாலர். டிசம்பர் முடிவில் 310 கோடி. நாடு திடீரென்று சம்பாதித்துவிடவில்லை. சீன ஒப்பந்தத்தின் யுவான் கணக்கில் சேர்க்கப்பட்டிருந்தது, அவ்வளவுதான். அந்த யுவானை எடுத்துச் செலவு செய்ய, மூன்று மாத இறக்குமதிக்கு ஈடான கையிருப்பு இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. 2021இல் இலங்கையின் இறக்குமதி 2,000 கோடி டாலருக்குச் சற்று மேல். மூன்று மாதத்துக்கு 500 கோடிக்கு மேல் வேண்டும். அவ்வளவு கையிருப்பு உள்ள நாட்டுக்கு அந்த யுவானே தேவைப்படாது. குடை கடன் கொடுப்பவர் மழை பெய்யாத நாளில் மட்டும் எடுத்துக்கொள் என்று சொன்னது போலத்தான் இது. கொழும்புக்கு வெளியே எரிபொருள் கப்பல்கள் பணத்துக்காகக் காத்து நின்றன. எரிவாயு சிலிண்டருக்குத் தெருவில் வரிசை நின்றது. 2022 ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடன் தவணைகளை நிறுத்துவதாக அரசு அறிவித்தது. மே தொடக்கத்தில், செலவு செய்யக்கூடிய கையிருப்பு 5 கோடி டாலர்கூட இல்லை என்று நிதியமைச்சர் நாடாளுமன்றத்தில் சொன்னார். ஏட்டில் இருந்த தொகையோ அதைப்போல் பல மடங்கு.

இந்தியாவும் வங்காளதேசமும் கொடுத்தது டாலர். அது உண்மையிலேயே உதவியது. ஆனால் அதற்கும் ஒரு வரம்பு உண்டு. மூன்று மாதத்துக்கென்று வாங்கிய வங்காளதேசக் கடன் மீண்டும் மீண்டும் தவணை நீட்டிக்கப்பட்டு, 2023இல்தான் தீர்ந்தது. கொரியாவின் சிக்கல் வரவுக்கும் செலவுக்கும் நடுவே இருந்த இடைவெளி. இலங்கையின் சிக்கல் வரவே போதாமை. அதைத் தவணை நீட்டித்து அடைக்க முடியாது.

நாணயமும் இதற்கிடையில் சரிந்தால் சுமை இன்னொரு பக்கமும் ஏறும். கணக்குக்காக, டாலர் 200 இலங்கை ரூபாயாக இருந்தபோது 40 கோடி டாலர் எடுத்ததாகக் கொள்வோம். அதன் மதிப்பு 8,000 கோடி ரூபாய். 2022இல் டாலர் 360 ரூபாயைத் தொட்டது. அந்த 40 கோடியைச் சந்தையில் வாங்கித் திருப்ப வேண்டுமானால் 14,400 கோடி ரூபாய் ஆகும். எதிர்த்தரப்பிடமிருந்து திரும்பி வருவதோ பழைய 8,000 கோடிதான். கொரியக் கணக்கில் அமெரிக்காவைக் காப்பாற்றிய அதே பழைய விலை விதி இங்கே எடுத்தவரை நெரிக்கிறது.

ஆகவே ஒரு நாட்டின் கையிருப்பு திடீரென்று உயர்ந்ததாகச் செய்தி வந்தால், எண்ணைப் பார்த்தவுடன் நிறுத்திவிடாமல் அட்டவணையின் அடிக்குறிப்பு வரை போய்ப் பாருங்கள். இலங்கை மத்திய வங்கி பின்னாளில் தன் கையிருப்புப் புள்ளிவிவரத்தின் கீழே, இந்தத் தொகையில் சீன மக்கள் வங்கியின் பரிமாற்று வசதியும் அடங்கும், அதைப் பயன்படுத்துவது நிபந்தனைக்கு உட்பட்டது என்று சிறிய எழுத்தில் எழுதத் தொடங்கியது.