இஸ்பேட் எட்டை இறக்காதீங்க! ஏழு ஆட்டத்துல அடைக்கிற கணக்கு

உங்க கையில இஸ்பேட் எட்டு இருக்கு. அதை நீங்க இறக்காத வரைக்கும் ஒன்பது, பத்து, ஜாக்கி, ராணி, ராஜா, இந்த அஞ்சும் அடுத்தவங்க கையிலேயே கிடக்கும். ஒரு சீட்டு, அஞ்சு சீட்டுக்குப் பூட்டு! ஆனா அதை எவ்வளவு நேரம் பிடிச்சு வைக்கலாம்? அதுதான் இந்த வீடியோ.

(திரையில்: மண்டபம் கரை, வரிசையா நிக்கிற விசைப்படகுகள்)

ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடித் தடைக்காலம். படகு கரையில, சாயங்காலம் சீட்டுக்கட்டு வெளியில. காசு வச்சு ஆடுறதைப் பத்தி நான் பேசலை.

விதி சட்டுனு சொல்லிடுறேன். 52 சீட்டையும் பிரிச்சுக்கணும். ஆர்ட்டின் ஏழு வச்சிருக்கிறவர் தொடங்குவார். ஏழுக்கு மேல ராஜா வரை, கீழ ஏஸ் வரை வரிசையா சேர்க்கணும். இறக்க முடிஞ்சா இறக்கியே ஆகணும், முடியலேன்னா பாஸ். முதல்ல கை காலியானவர் ஜெயிச்சார்.

இறக்கியே ஆகணும்ங்கிற விதியாலதான் பூட்டு சும்மா நிக்காது. இறக்க வேற சீட்டு இருந்தாதான் எட்டைப் பிடிச்சு வைக்க முடியும்.

(திரையில்: ஆறு சீட்டு)

கையைப் பாருங்க: இஸ்பேட் எட்டு, கிளாவர் ஆறு, அஞ்சு, நாலு, டைமன் ஒன்பது, பத்து. தரையில இஸ்பேட் ஏழு, கிளாவர் ஏழு, டைமன் ஏழு, எட்டு. இப்ப கிளாவர் ஆறை இறக்குங்க. அடுத்து வரவேண்டிய அஞ்சு உங்ககிட்டயே இருக்கு, யாருக்கும் வழி திறக்கலை. அப்புறம் அஞ்சு, அதுக்கப்புறம் டைமன் ஒன்பது. இந்த மூணும் இலவச ஆட்டம். அதுக்குள்ள மத்தவங்க பாஸ் சொல்ல ஆரம்பிப்பாங்க, இல்லேன்னா தங்களுக்குப் பிடிக்காத சீட்டை இறக்குவாங்க.

நாலாவது முறை ஏதாவது ஒரு வழியைத் திறந்தே ஆகணும். கிளாவர் நாலு திறக்கிறது மூணு சீட்டுக்கு. டைமன் பத்தும் மூணுக்குத்தான். இஸ்பேட் எட்டு அஞ்சுக்கு! அதனால நாலு, பத்து ரெண்டையும் முடிச்சிட்டு, கடைசிச் சீட்டா எட்டை இறக்குங்க. அந்த வழி திறக்கும்போது உங்க கை காலி.

இதே கையில இஸ்பேட் ராஜாவும் இருந்தா கதை தலைகீழ். அந்த ராஜா இறங்க ஒன்பது, பத்து, ஜாக்கி, ராணி நாலும் அடுத்தவங்க கையிலிருந்து வரணும். எட்டைப் பிடிச்சா உங்களையே அடைச்சுக்கிறீங்க. அப்ப முதல் ஆட்டமே எட்டுதான்.

பாஸ் சொல்றவரைக் கவனிங்க. அந்த நேரத்துல தரையில எதெதெல்லாம் இறங்கலாமோ, அதுல ஒண்ணு கூட அவர்கிட்ட இல்லை.

எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் ஒண்ணு. ஜப்பான்ல இதே ஆட்டம் ஷிச்சி நராபே. நாலு ஏழையும் முதல்லயே தரையில வச்சிடுவாங்க. சீட்டு இருந்தாலும் பாஸ் சொல்லலாம், ஆனா வழக்கமா மூணு தடவைதான். அங்க பூட்டு பாஸ் கணக்குல ஓடுது, இங்க இலவச ஆட்டத்துல. எனக்கு நம்ம விதிதான் கூர்மையாத் தெரியுது, ஏன்னா கையைப் படிக்கத் தெரியாதவர் இங்க அடைக்கவே முடியாது.

தொண்டி, கீழக்கரைப் பக்கம் சீட்டு இருந்தும் பாஸ் சொல்ல விடுறாங்களா? கமெண்ட்ல எழுதுங்க, அந்த விதிக்கு ஒரு கையை அடுத்த வீடியோல ஆடிக் காட்டுறேன்.